மனைக் கிரயம் பதிய வேண்டுமா? கட்டணம், காகிதம், ஊராட்சியின் பங்கு

தமிழ்நாட்டில் ஒரு மனையைக் கிரயம் முடிப்பவர் அதன் மதிப்பில் நூற்றுக்கு ஒன்பது ரூபாயை அரசிடம் கட்டுகிறார். அந்த ஒன்பதில் இரண்டு ரூபாய் மனை இருக்கும் ஊரின் உள்ளாட்சிக்கு உரியது. பத்திரம் எழுதுபவர் இதைச் சொல்வதில்லை, விற்பவருக்கு அதில் அக்கறை இல்லை. வாங்குபவருக்கோ, பத்திரம் கையில் வந்து, பெயர் மாற்றத்துக்கு ஊராட்சி அலுவலகத்தின் வாசலில் நிற்கும்போதுதான் இது எங்கே இடிக்கிறது என்று தெரிகிறது. எங்கள் மனை விஷயத்தில் நடந்தது அதுதான். முதல்முறை மனை வாங்குபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படி எழுதுகிறேன். அடுக்குமாடி வீட்டுக்குக் கணக்கிடும் முறை வேறு. இங்கே சொல்வதெல்லாம் ஊராட்சிப் பகுதியில் வாங்கும் காலி மனையைப் பற்றியது.

1. முன்பணத்துக்கு முன் பார்க்க வேண்டிய காகிதங்கள்

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியவை மூலப் பத்திரங்கள், பட்டா, மனைப்பிரிவு அனுமதி ஆணை, கடைசியாக வரி கட்டிய ரசீது ஆகிய நான்கும். நகல் வாங்கிக்கொண்டாலும் அசலை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். அசல் வங்கியில் இருக்கிறது என்று பதில் வந்தால், அந்தக் கடனை யார், எப்போது அடைக்கப்போகிறார்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

மனையின் மேல் இதுவரை பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் tnreginet.gov.in தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் பாருங்கள். இதில் பலரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. சார்பதிவக எல்லைகள் அவ்வப்போது மாற்றப்படுகின்றன. இன்று உங்கள் கிராமம் ஒரு சார்பதிவகத்தில் இருக்கும், சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊர் சார்பதிவகத்தில் இருந்திருக்கும். இப்போதைய அலுவலகத்தில் மட்டும் தேடினால் "வில்லங்கம் இல்லை" என்று சுத்தமாக வந்துவிடும். மூலப் பத்திரத்தின் முத்திரையில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்து, அங்கேயும் தேடுங்கள். பதிவாகாத உயிலும் நீதிமன்ற வழக்கும் வில்லங்கச் சான்றில் வராமலே போகலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு வழக்கறிஞரிடம் பத்திரங்களைக் காட்டிக் கருத்து வாங்குவது பயனுள்ள செலவு.

பட்டாவும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படமும் eservices.tn.gov.in தளத்தில் கிடைக்கும். பட்டாவில் இருக்கும் பெயர் விற்பவருடையதா, பரப்பு பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

மனைப்பிரிவு அனுமதி ஆணையை வெறும் அனுமதி எண்ணுக்காக மட்டும் பார்க்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். அந்தத் தானப் பத்திரம் எந்த ஊராட்சியின் பெயருக்கு எழுதப்பட்டது என்பதைக் குறித்து வையுங்கள். நான்காவது படியில் அது தேவைப்படும்.

2. வழிகாட்டி மதிப்பைப் பார்த்துக் கணக்குப் போடுவது

அரசு ஒவ்வொரு தெருவுக்கும், தெரு இல்லாத இடத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு மதிப்பை நிர்ணயித்திருக்கிறது. அதுதான் வழிகாட்டி மதிப்பு. இப்போது நடைமுறையில் இருப்பவை 1.7.2024 முதல் வந்த மதிப்புகள். மேலே சொன்ன பதிவுத்துறைத் தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். நீங்கள் கொடுக்கும் விலை, வழிகாட்டி மதிப்பு, இவ்விரண்டில் எது அதிகமோ அதன் மேல்தான் கட்டணம்.

கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 5 சதவீதம், உள்ளாட்சிக்கு உரிய சொத்து மாற்று வரி 2 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பதிவுக் கட்டணம் முன்பு 4 சதவீதமாக இருந்தது. 2023-24 நிதிநிலை அறிக்கையில்தான் பாதியாகக் குறைக்கப்பட்டது. பழைய கட்டுரைகளில் மொத்தம் 11 சதவீதம் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 1,200 சதுர அடி, வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 1,000 ரூபாய், ஆகவே 12 லட்சம். பேசி முடித்த விலை 15 லட்சம். விலை அதிகம் என்பதால் 15 லட்சத்துக்குக் கணக்கு. முத்திரைத் தீர்வை 75,000 ரூபாய். சொத்து மாற்று வரி 30,000. பதிவுக் கட்டணம் 30,000. ஆக 1,35,000 ரூபாய். கணினிக் கட்டணம் போன்ற சில்லறைச் செலவுகளும் பத்திரம் எழுதும் கூலியும் இதற்கு மேல். எழுதும் கூலியை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். கடைசி நாளில் "இதர செலவு" என்று ஒரு வரி முளைக்கும். ரசீது இல்லாத தொகை எதுவும் கட்டணம் ஆகாது.

1.4.2025 முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்புக்கு உட்பட்ட வீடு, மனை, விவசாய நிலம் ஆகியவற்றைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும். ஒன்பதரை லட்சம் ரூபாய் மனைக்கு 19,000 கட்டுவதற்குப் பதில் 9,500 கட்டினால் போதும். சலுகை பதிவுக் கட்டணத்தில் மட்டும்தான். முத்திரைத் தீர்வையும் உள்ளாட்சிக்குரிய 2 சதவீதமும் அப்படியே இருக்கும். மேலே சொன்ன 15 லட்சம் ரூபாய் மனைக்கு இது பொருந்தாது.

சர்வே எண்ணில் தேடும்போது ஒரு எச்சரிக்கை. ஒரே எண்ணுக்கு ஏக்கர் கணக்கில் விவசாய மதிப்பும் சதுர அடிக் கணக்கில் மனை மதிப்பும் இருக்கக்கூடும். ஏக்கர் மதிப்பைப் பார்த்துவிட்டு, செலவு கொஞ்சம்தான் என்று மகிழாதீர்கள். மனையாகப் பிரிந்த இடத்துக்கு மனை மதிப்புதான் போடுவார்கள்.

3. "வழிகாட்டி மதிப்புக்கே எழுதிவிடலாமே?"

இந்தக் கேள்வி உங்களிடம் கட்டாயம் வரும், அதுவும் மிக அன்பாக வரும். 15 லட்சத்தை 12 லட்சம் என்று எழுதினால் மொத்தச் செலவு 1,08,000 ரூபாயாகக் குறையும். 27,000 ரூபாய் மிச்சம். மீதி மூன்று லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்துவிடலாம் என்பார்கள்.

இதில் யாருக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பிடிபட்டால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அது விற்பவரின் தலைவலி. உங்கள் தலைவலி வேறு. நாளை நீங்கள் மனையை விற்கும்போது உங்கள் வாங்கிய விலை 12 லட்சம் என்றுதான் கணக்கில் நிற்கும், கூடுதல் மூன்று லட்சத்தையும் லாபமாகக் கருதி வரி கட்ட வேண்டும். கிரயத்தில் சிக்கல் வந்து நீதிமன்றம் போனால், பத்திரத்தில் இல்லாத பணத்தைக் கொடுத்ததாக நிரூபிப்பது பெரும்பாடு. ஊராட்சியின் பங்கு 30,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாகக் குறைகிறது. தெருவிளக்கு எரியவில்லை என்று பிறகு மனு எழுதப்போகிறவரும் நீங்கள்தான்.

எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. உண்மையிலேயே வழிகாட்டி மதிப்பைவிடக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கலாம். வழி ஒழுங்காக இல்லாத மனை, பள்ளமான மனை என்று காரணம் இருக்கும். அப்போது இரண்டு வழிகள். வழிகாட்டி மதிப்புக்கே தீர்வை கட்டிவிட்டு வேலையை முடிக்கலாம். இல்லையென்றால் உண்மை விலைக்கே கட்டிப் பதியலாம். சார்பதிவாளர், இந்திய முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி, மதிப்பை நிர்ணயிக்கும்படி தனித் துணை ஆட்சியருக்கு அனுப்புவார். அது முடியும்வரை அசல் பத்திரம் கைக்கு வராது. வங்கிக் கடன் வாங்குபவருக்கு இரண்டாவது வழி ஒத்துவராது, வங்கி அசலைக் கேட்கும்.

4. பத்திர வரைவில் சொத்து விவரம்: உள்ளாட்சியின் பெயர் இங்கேதான்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள். வரைவுப் பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம் வரும். பதிவு மாவட்டம், சார்பதிவகம், வட்டம், வருவாய்க் கிராமம், ஊராட்சி ஒன்றியம், ஊராட்சி, சர்வே எண், மனை எண், நான்கெல்லை, பரப்பு என்று நீளும். எல்லோரும் சர்வே எண்ணையும் பரப்பையும் மட்டும் சரிபார்க்கிறார்கள். ஊராட்சி என்ற சொல்லைக் கண் தாண்டிவிடும்.

வருவாய்க் கிராமமும் ஊராட்சியும் ஒன்றல்ல. ஒரே வருவாய்க் கிராமத்தின் ஒரு பகுதி பேரூராட்சியிலும் இன்னொரு பகுதி கிராம ஊராட்சியிலும் இருக்கலாம். நகரங்கள் விரிவடையும் பகுதிகளில் ஊராட்சிகள் நகராட்சியோடும் மாநகராட்சியோடும் இணைக்கப்படுவது வழக்கமாகிவிட்டது. பத்திரம் எழுதுபவரோ மூலப் பத்திரத்தில் உள்ள சொத்து விவரத்தை எழுத்துக்கு எழுத்து நகல் எடுப்பார். மூலப் பத்திரம் இருபது ஆண்டு பழையது என்றால் ஊராட்சியின் பெயரும் இருபது ஆண்டு பழையதாக இருக்கும்.

எங்கள் வரைவில் பக்கத்துப் பேரூராட்சியின் பெயர் இருந்தது. இந்தப் பிழை கண்ணில் படாததற்குக் காரணம் எளிது. ஊராட்சியானாலும் மாநகராட்சியானாலும் சொத்து மாற்று வரி அதே 2 சதவீதம். பெயர் தவறினாலும் கட்ட வேண்டிய தொகையில் ஒரு ரூபாய்கூட மாறாது, ஆகவே கணக்கைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. பதிவு முடிந்த பிறகு ஊராட்சியில் பெயர் மாற்றத்துக்குப் போனால், "இது எங்கள் எல்லை இல்லையே" என்று பத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். பேரூராட்சிக்குப் போனால் அவர்கள் பதிவேட்டில் அந்த மனையே இருக்காது. சரிசெய்யப் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும். அதற்கு விற்றவர் மறுபடி வந்து கையெழுத்திட வேண்டும். பணம் வாங்கி முடித்த ஒருவரை மறுபடி சார்பதிவகத்துக்கு அழைப்பது எவ்வளவு எளிது என்பதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

சரிபார்க்க மூன்று காகிதங்கள் போதும். விற்பவரின் கடைசி வரி ரசீதை யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள். மனைப்பிரிவின் தானப் பத்திரம் யார் பெயருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். அதே தெருவில் அண்மையில் பதிவான ஒரு பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மூன்றும் ஒரே பெயரைச் சொன்னால் அதையே எழுதச் சொல்லுங்கள். ஒன்று மாறினாலும் நேரே ஊராட்சிச் செயலரிடம் சர்வே எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

5. முத்திரைத்தாள், பணம், டோக்கன்

வரைவு சரியானதும் பதிவுத்துறைத் தளத்தில் பயனர் கணக்கின் வழியாகத் தரப்பினர் விவரம், சொத்து விவரம், மதிப்பு ஆகியவற்றை உள்ளிட வேண்டும். பெரும்பாலும் ஆவண எழுத்தரே செய்வார். முடிந்ததும் வரும் சுருக்கப் பக்கத்தை வாங்கி, பெயர்களின் எழுத்தை ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முத்திரைத் தீர்வையை முழுவதும் முத்திரைத்தாளாக வாங்கலாம், ஒரு பகுதியைத் தாளாகவும் மீதியை இணையம் வழியாகவும் செலுத்தலாம். தாள் வாங்கிய தேதிக்கு முந்தைய தேதியில் பத்திரத்தை எழுதிக் கையெழுத்திட்டால் சிக்கல். கிரயம் ஒருவேளை நின்றுபோனால், கையெழுத்தாகாத முத்திரைத்தாளை ஆறு மாதத்துக்குள் கொடுத்து, ரூபாய்க்குப் பத்து பைசா பிடித்தம் போக மீதியைத் திரும்பப் பெறலாம். அதனால் விற்பவரின் காகிதங்களில் சந்தேகம் இருக்கும்போதே அவசரப்பட்டுத் தாள் வாங்க வேண்டாம்.

சொத்தின் மதிப்பு 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், வாங்குபவரே ஒரு சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். நம் மனைக்கு அது இல்லை.

டோக்கன் நேரத்தை இணையத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். முகூர்த்த நாட்களில் கூடுதல் டோக்கன் கொடுப்பார்கள், கூட்டமும் அதற்கேற்பக் கூடுதலாக இருக்கும். நாள் நட்சத்திரம் பார்க்காதவர்கள் சாதாரண நாளைத் தேர்ந்தெடுத்தால் அலுவலரிடம் சந்தேகம் கேட்கவாவது நேரம் கிடைக்கும்.

கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொடுத்துவிட வேண்டும். தாண்டினால் அபராதத்தோடு இன்னொரு நான்கு மாதம் அவகாசம் உண்டு. அபராதம் பதிவுக் கட்டணத்தைப் போல் பத்து மடங்கு வரை போகலாம்.

6. பதிவு நாள்

விற்பவர், வாங்குபவர், அடையாள அட்டையோடு இரண்டு சாட்சிகள். மூலப் பத்திரங்களின் அசல், பட்டா, இருவரின் பான் அட்டை, பணம் கட்டிய ரசீதுகள். புகைப்படமும் விரல் ரேகையும் எடுப்பார்கள். விற்பவரிடம் சார்பதிவாளர் பணம் முழுவதும் வந்ததா என்று கேட்பார். விற்பவருக்குக் கொடுக்க வேண்டிய மீதித் தொகையை அந்த அறைக்குள் போகும் முன்பே வங்கி வரைவோலையாகவோ பரிமாற்றமாகவோ முடித்து, அதன் எண்ணைப் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். பெரும்பாலும் பத்திரம் அன்றே ஸ்கேன் ஆகிக் கைக்கு வந்துவிடும்.

7. அந்த 30,000 ரூபாய் எங்கே போகிறது?

நீங்கள் கட்டிய 1,35,000 ரூபாயில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மாநில அரசின் வருவாய். சொத்து மாற்று வரி அப்படியல்ல. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ், முத்திரைத் தீர்வையின் மேல் மிகுவரியாக விதிக்கப்படுவது அது. நகர்ப்புறங்களில் அவற்றுக்குரிய சட்டத்தின்படி விதிக்கிறார்கள். பதிவுத்துறை வசூலித்துக் கொடுக்கும் கை மட்டுமே, பணம் உள்ளாட்சிகளுக்கு உரியது. மனை எங்கே இருக்கிறதோ அந்த எல்லைதான் கணக்கு. நீங்கள் சென்னையில் குடியிருந்துகொண்டு செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் மனை வாங்கினால் சென்னை மாநகராட்சிக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஆனால் பதிவான அன்றே 30,000 ரூபாய் ஊராட்சியின் கணக்கில் ஏறிவிடும் என்று நினைக்க வேண்டாம். வசூல் முதலில் அரசுக் கணக்கில் சேரும். பிறகு துறைகளின் ஆணை வழியாக உள்ளாட்சிகளுக்கு விடுவிக்கப்படும். ஊராட்சிகளின் பங்கில் ஒரு பகுதியை மாநில அளவில் தொகுத்துப் பங்கிடும் முறையும் இருந்து வருகிறது. மனை வியாபாரம் இல்லாத ஊராட்சிக்கும் ஏதோ கிடைக்க அது வழி செய்கிறது. மனைகள் விற்றுத் தள்ளும் ஊராட்சிக்குத் தன் எல்லையில் வசூலானது முழுதாக வரவில்லை என்ற குறை இருக்கும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எனக்குப் படும் குறை வேறு: வந்த தொகை எந்தப் பத்திரங்களுக்கானது என்று ஊராட்சியில் கேட்டால் அங்கிருப்பவர்களால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

எல்லாப் பத்திரங்களிலும் இந்தப் பங்கு இல்லை. கிரயம், பரிவர்த்தனை, தானம் ஆகியவற்றில் உண்டு. குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் எழுதினால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். இதே மனையை ஒரு தந்தை மகளுக்கு 12 லட்சம் மதிப்பில் எழுதிக் கொடுத்தால் 12,000 ரூபாயும் 10,000 ரூபாயும் சேர்த்து 22,000 ரூபாயோடு முடிந்துவிடும். ஊராட்சிக்கு மாற்று வரி கிடையாது.

ஊராட்சிக்கு இந்த இனத்தில் என்ன வந்தது என்று அறிய கிராம சபைதான் இடம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடுகிறது. வரவு செலவு அறிக்கையில் வீட்டு வரிக்குத் தனித் தலைப்பும் அரசு ஒதுக்கிய வருவாய்க்குத் தனித் தலைப்பும் இருக்கும். மாற்று வரிப் பங்கு இரண்டாவதில் வரும். கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

8. பதிவுக்குப் பிறகு விடக் கூடாத இரண்டு வேலைகள்

பட்டா மாற்றம் முதலாவது. வாங்கிய மனைக்கு ஏற்கெனவே தனி உட்பிரிவு எண் இருந்தால், பதிவின்போதே விண்ணப்பம் வருவாய்த் துறைக்கு இணையவழியாகப் போய்விடும். உட்பிரிவு செய்ய வேண்டிய மனை என்றால் நில அளவர் வந்து அளக்க வேண்டும், அதற்கான கட்டணத்தைப் பதிவின்போதே வாங்கிக்கொள்வார்கள். "தானாக மாறிவிடும்" என்று யார் சொன்னாலும், சில வாரம் கழித்து உங்கள் பெயரில் பட்டா வந்திருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். வரவில்லையென்றால் விண்ணப்ப எண்ணோடு வட்டாட்சியர் அலுவலகம் செல்லுங்கள்.

ஊராட்சி வரிப் பதிவேட்டில் பெயர் மாற்றம் இரண்டாவது. சார்பதிவகத்தில் மாற்று வரி கட்டிவிட்டதால் ஊராட்சிக்குச் செய்தி போயிருக்கும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். பணம் போகும் பாதை வேறு, பெயர் மாறும் பாதை வேறு. பத்திர நகல், பட்டா, விற்றவரின் கடைசி ரசீது ஆகியவற்றோடு ஊராட்சி அலுவலகத்தில் மனு கொடுங்கள். விற்றவர் வைத்த பாக்கி இருந்தால் அதை உங்களிடம்தான் கேட்பார்கள். ஆகவே மீதித் தொகையைக் கொடுக்கும் முன் நடப்பு ஆண்டு வரை கட்டிய ரசீதை வாங்கிவிடுங்கள். கிராம ஊராட்சிகளின் வரியை vptax.tnrd.tn.gov.in தளத்திலும் கட்டலாம். கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது உங்கள் பெயரிலுள்ள அந்த ரசீதைத்தான்.